‘ஹவ் லாங்’ கேள்விகள்: எங்கே ‘ஹேவ் பீன்’, எங்கே வேண்டாம்?

“ஹவ் லாங் ஆர் யூ வெயிட்டிங் ஹியர்?” என்று கேட்டால் என்ன தப்பு மேடம்? எல்லாருக்கும் புரிகிறதே.

சூழலை வைத்துப் புரிந்துகொள்கிறார்கள். தமிழில் ‘எவ்வளவு நேரமா காத்திருக்கீங்க’ என்று நிகழ்காலத்திலேயே கேட்டுப் பழகியதால் நமக்கு அப்படி வருகிறது. ஆனால் ஆங்கிலத்தில் ‘ஹவ் லாங்’ பக்கத்தில் ‘ஆர் யூ’ வந்தால் கேள்வி பெரும்பாலும் இனி வரப்போகும் நேரத்தை நோக்கிப் போய்விடும். “ஹவ் லாங் ஆர் யூ ஸ்டேயிங்?” என்றால் இன்னும் எத்தனை நாள் தங்குவீர்கள் என்று அர்த்தம். முன்னாடியே தொடங்கி இப்போதும் நடந்துகொண்டிருப்பதைக் கேட்க “ஹவ் லாங் ஹேவ் யூ பீன் வெயிட்டிங்?” என்பதுதான் சரி.

என் அனுபவம் ஒன்று. எங்கள் கிளை அலுவலகத்துக்குப் போயிருந்தபோது ஒருவர் “ஹவ் லாங் ஆர் யூ ஹியர் ஃபார்?” என்றார். “சின்ஸ் மண்டே” என்றேன். அவர் குழம்பிப்போய் மறுபடியும் கேட்டார். எங்கே பிசகினேன்?

அவர் எப்போது கிளம்புகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். “டில் ஃப்ரைடே” மாதிரி ஒரு பதிலை எதிர்பார்த்திருப்பார். எப்போது வந்தீர்கள் என்பது தெரிய வேண்டியிருந்தால் “ஹவ் லாங் ஹேவ் யூ பீன் ஹியர்?” என்றிருப்பார், அதற்கு உங்கள் பதில் கச்சிதமாகப் பொருந்தியிருக்கும். அடுத்த முறை ‘ஆர்’ காதில் விழுந்தால் கிளம்பும் நாளையும், ‘ஹேவ்’ விழுந்தால் வந்த நாளையும் சொல்லுங்கள். பேச்சு வேகத்தில் ‘ஹேவ்’ தேய்ந்து வெறும் ‘வ்’ ஆகிவிடும். அப்போது ‘பீன்’ கேட்கிறதா என்று கவனியுங்கள்.

எனக்குத் தெரிந்த விதி இதுதான்: ‘ஹவ் லாங்’ வந்தாலே ‘ஹேவ் பீன்’, அப்புறம் ‘இங்’. அதன்படி “ஹவ் லாங் ஹேவ் யூ பீன் நோயிங் ஹிம்?” சரிதானே?

பாதி சரி. ‘ஹேவ்’ வேண்டும், ‘இங்’ கூடாது. ஒருவரைத் தெரிந்திருப்பது நாம் செய்துகொண்டே இருக்கிற வேலை இல்லை, அது ஒரு நிலை. ஆகவே “ஹவ் லாங் ஹேவ் யூ நோன் ஹிம்?” என்று கேட்க வேண்டும். சொந்தமாக ஒரு கார் வைத்திருப்பதும் அப்படித்தான்: “ஹவ் லாங் ஹேவ் யூ ஹேட் திஸ் கார்?” ‘லிவ்’, ‘வொர்க்’ இரண்டுக்கும் இந்தக் கட்டுப்பாடு இல்லை. “ஹேவ் யூ லிவ்ட்”, “ஹேவ் யூ பீன் லிவிங்” இரண்டும் புழக்கத்தில் உண்டு.

“ஐ ஆம் வெயிட்டிங் சின்ஸ் டூ அவர்ஸ்” என்றுதான் ஆபீஸில் எல்லோரும் பேசுகிறோம்.

அதில் இரண்டு இடங்களைத் திருத்த வேண்டும். நீங்கள் 10 மணிக்கு வந்தீர்கள், இப்போது மணி 12 என்று வைத்துக்கொள்வோம். தொடங்கிய புள்ளியைச் சொன்னால் “ஐவ் பீன் வெயிட்டிங் சின்ஸ் டென்.” கடந்துபோன அளவைச் சொன்னால் “ஐவ் பீன் வெயிட்டிங் ஃபார் டூ அவர்ஸ்.” கடிகாரத்திலோ காலண்டரிலோ விரல் வைத்துக் காட்ட முடிகிற இடத்துக்கு ‘சின்ஸ்’, நீளத்துக்கு ‘ஃபார்’.

நான் இலக்கணம் கற்பிக்கிறவன். காத்திருப்பு முடிந்த பிறகும் இந்த வடிவம் வருகிறதே, அதையும் சொல்லிவிடுங்கள் மேடம்.

நல்லவேளை, நினைவுபடுத்தினீர்கள். நண்பர் உங்களுக்காக உட்கார்ந்திருக்கிறார், நீங்கள் தாமதமாக வந்து சேருகிறீர்கள். அந்த நிமிஷமே காத்திருப்பு முடிந்துவிட்டது. இருந்தாலும் “ஹவ் லாங் ஹேவ் யூ பீன் வெயிட்டிங்?” என்றுதான் இயல்பாகக் கேட்போம், ஏனென்றால் அது இப்போதுதான் ஓய்ந்தது, அதன் சுவடு இன்னும் எதிரில் இருக்கிறது. மறுநாள் அதைப் பற்றிப் பேசினால் “ஹவ் லாங் டிட் யூ வெயிட்?” என்று மாறிவிடும்.

“ஐவ் பீன் காலிங் யூ த்ரீ டைம்ஸ்” என்று அனுப்பினேன். மேனேஜர் திருத்தினார். ‘ஹேவ் பீன்’ போட்டேனே!

இது ‘ஹவ் லாங்’ இல்லை, எத்தனை தடவை என்கிற கணக்கு. எண்ணிக்கை வந்தால் “ஐவ் கால்ட் யூ த்ரீ டைம்ஸ்.” எவ்வளவு நேரமாக முயன்றீர்கள் என்றால் “ஐவ் பீன் காலிங் யூ ஆல் மார்னிங்.”

“சின்ஸ் ஹவ் லாங்” என்பது நம் நாட்டு ஆங்கிலத்தில் ஊறிப்போன ஒன்று. அதைத் தப்பு என்று சொல்வது நியாயமா?

தேர்விலும் நேர்காணலிலும் தவிர்க்கச் சொல்வேன், ‘ஹவ் லாங்’ மட்டுமே போதும். நமக்குள் பேசும்போது அதையும் தப்பு என்று அடித்துவிட எனக்கு மனமில்லை. என்னோடு வேலை பார்க்கும் ஆசிரியர்கள் சிலர் இதை ஒப்புக்கொள்வதில்லை. அதற்குப் பதிலாக “சின்ஸ் வென்” போடுகிறவர்கள் மட்டும் தொனியைக் கவனியுங்கள். இலக்கணப்படி அது சரிதான், ஆனால் “சின்ஸ் வென் ஹேவ் யூ பீன் வொர்க்கிங் ஹியர்?” என்று அழுத்திக் கேட்டால் ‘நீ எப்போதிலிருந்து இங்கே?’ என்று அதட்டுவதுபோல் ஒலிக்கலாம்.

பதிலை ஒவ்வொரு தடவையும் முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டுமா?

வேண்டாம். “அபவுட் டுவென்டி மினிட்ஸ்” போதும். இப்போதுதான் வந்தீர்கள் என்றால் “நாட் லாங்.”