நூறு ரூபாய்க்கு நிற்கும் கூப்பன் எது? பார் யீல்டு கேள்வி பதில்

ஒரு வங்கியின் டிரஷரியில் பல வருடம் கடன் பத்திரங்களோடு மல்லுக்கட்டியவன் நான். வந்த கேள்விகளில் பார் யீல்டு பற்றியவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

ஆக்சுவரி தேர்வுக்குப் படிப்பவர்: சார், 1, 2, 3 ஆண்டு ஸ்பாட் ரேட் 6%, 6.5%, 7% என்று கொடுத்திருக்கிறார்கள். 3 ஆண்டு பார் யீல்டு வேண்டும். மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 6.5 வருகிறது. சரியா?

சரியில்லை. ஆனால் எல்லா ரேட்டுக்கும் இதில் பங்கு உண்டு என்று நினைத்தீர்களே, அது சரி. பங்கின் அளவில்தான் கோட்டை விட்டீர்கள்.

பத்திரத்தின் விலை சரியாக 100 ஆக நிற்க ஆண்டுக்கு எவ்வளவு கூப்பன், அதாவது வட்டி, தர வேண்டும் என்பதுதான் பார் யீல்டு கேட்கும் கேள்வி. ஸ்பாட் ரேட் என்பது இன்று போட்டு, அத்தனை ஆண்டு கழித்து ஒரே தவணையில் திரும்பும் பணத்துக்கான ஆண்டு வட்டி. ஒவ்வோர் ஆண்டும் வரும் 1 ரூபாய்க்கு இன்று என்ன மதிப்பு என்று முதலில் பாருங்கள். முதல் ஆண்டுக்கு 1/1.06, அதாவது 0.9434. இரண்டாம் ஆண்டுக்கு 1-ஐ 1.065 × 1.065-ஆல் வகுத்தால் 0.8817. மூன்றாம் ஆண்டுக்கு 1.07-இன் மும்மடி, 0.8163. இவைதான் டிஸ்கவுண்ட் ஃபேக்டர்கள். மூன்றின் கூட்டல் 2.6414.

கடைசியில் திரும்பி வரும் 100 ரூபாய் அசலுக்கு இன்றைய மதிப்பு 81.63. நூறுக்கு இன்னும் 18.37 குறைகிறது. அந்தக் குறையைக் கூப்பன்கள்தான் நிரப்ப வேண்டும். ஆண்டுக்கு 1 ரூபாய் கூப்பன் தந்தால் 2.6414 நிரம்பும். அப்படியானால் தேவைப்படும் கூப்பன் 18.37/2.6414 = 6.955. பார் யீல்டு 6.95% சுமார்.

விடையை எழுதிவிட்டு அப்படியே போய்விடாதீர்கள். திரும்பப் போட்டுப் பாருங்கள். முதல் கூப்பனின் இன்றைய மதிப்பு 6.56, இரண்டாவதற்கு 6.13, கடைசி ஆண்டில் அசலோடு சேர்ந்து வரும் 106.95-க்கு 87.31. கூட்டினால் 100. நூறில் 87 ரூபாய் மூன்றாம் ஆண்டிலிருந்தே வருவதைப் பார்த்தீர்களா? அதனால்தான் விடை 7-ஐ ஒட்டிக் கிடக்கிறது, 6.5 பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

எக்செல் பிரியர்: இதை ஷீட்டில் ஒரே வரியில் முடிக்க வழி உண்டா?

A பத்தியில் ஆண்டு, B-யில் ஸ்பாட் ரேட், C-யில் ஃபேக்டர் என்று வையுங்கள். C2-இல் முதல் வரி, அதை C4 வரை இழுத்துவிடுங்கள். விடைக்கு இரண்டாவது வரி.

```
=1/(1+B2)^A2
=(1-C4)/SUM(C2:C4)
```

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே ஷீட்டில் 1-C4 என்ற இடத்தில் C4-க்குப் பதில் C3 என்று அடித்துவிட்டு, அரை நாள் சந்தையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். திரும்பப் போட்டுப் பார்க்கும் பழக்கம் அன்றைக்கு வந்ததுதான்.

சொந்தப் பணம் போட்டவர்: அண்ணே, என்னிடம் 10% கூப்பன் தரும் 3 ஆண்டுப் பத்திரம் இருக்கிறது. பார் யீல்டு 6.95 என்றால் எனக்குக் கிடைப்பதும் அவ்வளவுதானா? 10% என்று சொல்லித்தானே விற்றார்கள்?

உங்கள் கூப்பன் 10 ரூபாய், அதில் யாரும் கை வைக்கவில்லை. பார் யீல்டு என்பது இன்று 100 ரூபாய்க்குப் புதிதாக வெளியிட்டால் என்ன கூப்பன் போடுவார்கள் என்ற கேள்விக்கான பதில். உங்கள் பத்திரத்தைப் பற்றி அது நேரடியாக எதுவும் சொல்லாது.

மேலே உள்ள அதே ஃபேக்டர்களைப் போட்டால் உங்கள் பத்திரத்தின் விலை 108.04. அந்த விலையில் இன்று வாங்குகிறவருக்கு முதிர்வு வரை கிடைக்கும் யீல்டு 6.94%. இதுவே 2% கூப்பன் பத்திரமாக இருந்தால் விலை 86.91, யீல்டு 6.99%. ஸ்பாட் ரேட்டுகள் மாறவே இல்லை, ஆனாலும் மூன்று பத்திரத்துக்கு மூன்று யீல்டு. பெரிய கூப்பன் என்றால் பணத்தில் கொஞ்சம் முன்கூட்டியே, குறைந்த ரேட் உள்ள ஆண்டுகளிலேயே கைக்கு வந்துவிடுகிறது. அவ்வளவுதான் காரணம். நீங்கள் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று சொல்லவில்லை. அது தெரியாமல் உங்களுக்கு லாபமா நட்டமா என்று என்னால் சொல்ல முடியாது.

எம்.பி.ஏ. மாணவி: பார் யீல்டு எப்போதும் கடைசி ஸ்பாட் ரேட்டை விடக் குறைவாகத்தான் இருக்கும் என்று எங்கள் வகுப்பில் சொன்னார்கள்.

ஸ்பாட் ரேட் ஏறிக்கொண்டே போனால் அப்படித்தான். அதையே தலைகீழாக 7%, 6.5%, 6% என்று வைத்துச் செய்யுங்கள். 6.04% வரும், கடைசி ஸ்பாட்டை விடக் கூடுதல். எல்லா ரேட்டும் ஒன்றாக இருந்தால் பார் யீல்டும் அதேதான். “எப்போதும்” என்ற சொல்லை நோட்டில் அடித்துவிடுங்கள்.

அரசுப் பத்திரக் கணக்கில் மாட்டியவர்: இந்திய அரசுப் பத்திரம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டி தருகிறது. 2 ஆண்டுக்குப் போட்டேன். ஸ்பாட் 6, 6.2, 6.4, 6.6. எனக்கு 3.29 வருகிறது, புத்தகத்தில் 6.58. நண்பனுக்கு 6.48. மூளை குழம்பிவிட்டது.

நீங்கள் முக்கால்வாசி சரி. ரேட்டைப் பாதியாக்கி 1.03, 1.031-இன் இருமடி, 1.032-இன் மும்மடி, 1.033-இன் நான்மடி என்று வகுத்திருக்கிறீர்கள். கிடைத்த 3.29 அரையாண்டுக் கூப்பன். ஆண்டுக் கணக்கில் சொல்ல இரண்டால் பெருக்க வேண்டும், 6.58 வந்துவிடும்.

நண்பர் செய்தது வேறு. 6% என்பதை வட்டிக்கு வட்டியும் சேர்ந்த முழு ஆண்டின் பயன்விளைவு ரேட்டாக எடுத்து, அரை ஆண்டுக்கு 1.06-இன் வர்க்கமூலத்தால் வகுத்திருக்கிறார். இதில் தவறு என்று யாரையும் சொல்ல முடியாது. கேள்வியில் ரேட் எந்த முறையில் கொடுக்கப்பட்டது என்பதே தீர்ப்பு. அதைச் சொல்லாத கேள்வித்தாள்தான் குற்றவாளி.

தரவு ஆர்வலர்: அமெரிக்க டிரஷரி தினமும் வெளியிடும் 10 ஆண்டு பார் யீல்டோடு என் கணக்கை ஒப்பிட்டேன். வேறு இடத்தில் எடுத்த ஸ்பாட் ரேட். எனக்கு 0.03 சதவீதப் புள்ளி கூட வருகிறது. ரேட் 4% வாக்கில்.

டிரஷரியின் எண்கள் அரையாண்டு கூட்டுவட்டி முறையில் இருக்கும். உங்களுக்குக் கிடைத்தது ஆண்டுப் பயன்விளைவு ரேட்டாக இருந்து, அதை நேரே இரண்டால் வகுத்திருந்தால் விடை கூடத்தான் வரும். ஆனால் 4% வாக்கில் அந்தத் தவறு 0.04 அளவுக்கு இருக்க வேண்டும், உங்களுடையது 0.03. தொடர் கூட்டுவட்டி ரேட்டைத் தவறாகப் போட்டிருந்தால் விடை குறைந்திருக்கும், அதனால் அது இல்லை.

இன்னொரு சந்தேகம், இடைப்பட்ட தவணைகளுக்கு ரேட் எப்படி நிரப்பினீர்கள் என்பது. 10 ஆண்டுக்கு 20 ஃபேக்டர் வேண்டும், உங்களிடம் இருப்பது ஏழெட்டுப் புள்ளிதான் இருக்கும். டிரஷரி 2021 டிசம்பர் 6 முதல் மோனடோன் கான்வெக்ஸ் என்ற முறையில் வளைவு வரைகிறது. நீங்கள் நேர்கோடு போட்டிருந்தால் சின்ன வித்தியாசம் வரத்தான் செய்யும். ரேட் எடுத்த இடத்தில் கூட்டுவட்டி முறை என்ன என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து அனுப்புங்கள். அதுவரை இதை மூட மாட்டேன்.