கிளட்ச் பிடிக்காமல் கியர் ஏற்றுவது: குயிக்‌ஷிஃப்டர் குறித்து வாசகர் கேள்விகள்

கிளட்சைத் தொடாமலே கியர் எப்படி மாறுகிறது? (அல்சூர் வாசகர்)

எஞ்சின் இழுத்துக்கொண்டிருக்கும்போது கியர்களின் பக்கவாட்டில் உள்ள டாக் பற்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருப்பதால், காலால் எவ்வளவு அழுத்தினாலும் அவை எளிதில் விலகுவதில்லை. கியர் லீவரைக் கியர்பாக்ஸோடு இணைக்கும் ஷிஃப்ட் ராடில் உள்ள சென்சார் உங்கள் கால் அழுத்தத்தை உணர்ந்ததும், இக்னிஷன் ஏறத்தாழ 50 முதல் 80 மில்லி விநாடி வரை நிறுத்தப்படுகிறது. அந்த இடைவெளியில் இழுவிசை போய்ப் பிடி தளர்கிறது, கியர்களை நகர்த்தும் ஷிஃப்ட் டிரம் திரும்புகிறது, அடுத்த கியர் விழுந்ததும் தீப்பொறி திரும்பிவிடுகிறது.

பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் எஞ்சின் ஒரு கணம் மூச்சு முட்டுகிறது. இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது சில சமயம் எந்தக் கியரும் பிடிக்காமல் ஃபால்ஸ் நியூட்ரல் விழுகிறது. சென்சாரின் சென்சிட்டிவிட்டியை முழுதாக ஏற்றி, தீப்பொறி நிற்கும் கட் நேரத்தையும் 65 மில்லி விநாடியிலிருந்து 110 ஆக்கியும் பயனில்லை. (மாரத்தஹள்ளி வாசகர்)

பைக்கின் மாடலையும் எழுதவில்லை, சென்சார் தள்ளும்போது வேலை செய்வதா இழுக்கும்போதா என்பதையும் எழுதவில்லை. ஆனாலும் நோய் தெரிகிறது. அதைக் கொடுத்தது நீங்கள் ஏற்றிய அந்த சென்சிட்டிவிட்டிதான்.

கடந்த மாதம் என் பட்டறைக்கு ஒரு 400 சிசி பைக் இதே புகாருடன் வந்தது. கியர் லீவரை இரு விரலால் பிடித்து ஆட்டியபோது, அதன் நுனி ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வெறுமனே ஆடிய பிறகே ராட் அசைந்தது. ராடின் முனையில் உள்ள பந்து மூட்டு தேய்ந்திருந்தது, லாக் நட்டும் தளர்ந்திருந்தது. அவுட்டர் ரிங் ரோட்டின் பள்ளங்களில் அந்த லீவர் தன் எடையாலேயே துள்ளி ராடை இடிக்க, அதைக் கால் என்று நம்பி சென்சார் தீப்பொறியை நிறுத்திக்கொண்டிருந்தது.

ஃபால்ஸ் நியூட்ரலுக்கும் காரணம் இதுதான். சென்சிட்டிவிட்டி மிகையாக இருந்தால், கால் லீவரைத் தொட்ட உடனேயே கட் தொடங்கிவிடும். டிரம்மைத் திருப்பும் அளவுக்கு அழுத்தம் சேர்வதற்குள் நேரம் முடிந்து இழுவிசை திரும்பிவிடும். பற்கள் பாதி வழியில் மோதிக் கியர் விழாமல் நிற்கும். நேரத்தை 110 ஆக்கினால் இந்தக் குறை சற்று மறையுமே தவிரத் தீராது, கூடவே முன்பக்கம் குனிந்து உலுக்கும்.

எனவே முதலில் மூட்டை மாற்றி, லாக் நட்டை இறுக்குங்கள். லீவருக்கும் ராடுக்கும் இடையே ஏறத்தாழ 90 பாகை கோணம் இருக்கட்டும். பிறகு கட் நேரத்தை 65-க்கே கொண்டுவந்து, சென்சிட்டிவிட்டியை மிகக் குறைந்த நிலையில் வைத்து, வழக்கமான ஷூவோடு வழக்கம்போல் அழுத்தும்போது கட் கிடைக்கும்வரை ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். சில குயிக்‌ஷிஃப்டர் பெட்டிகளில் எண் கூடினால் சென்சிட்டிவிட்டி கூடும், சிலவற்றில் குறையும்; கையேட்டைப் பார்க்காமல் எண்ணைத் தொடாதீர்கள். மேடுபள்ளச் சாலையில் தானாகக் கட் விழுந்தால் ஒரு படி இறக்குங்கள்.

கட் நேரத்தைச் சரிபார்ப்பது அதற்குப் பிறகுதான். ஸ்டாண்டில் நிறுத்திச் சோதிப்பது வீண், ஏனெனில் அங்கே எஞ்சினுக்குச் சுமை இல்லை. காலியான சாலையில், ஏறத்தாழ 5000 ஆர்பிஎம்மில் ஆக்சிலரேட்டரை அசைக்காமல் மாற்றிப் பாருங்கள்: கியர் உரசினாலோ விழாவிட்டாலோ 5 மில்லி விநாடி கூட்டுங்கள், உலுக்கினால் 5 குறையுங்கள். அந்த 400 சிசி பைக் கடைசியில் 70-இல் நின்றது.

இன்னொன்று: பட்டறைக்கு வருபவர்களில் பாதிப் பேர் காலை லீவரின்மேலேயே வைத்து ஓட்டுகிறார்கள். லீவர் கால் வைக்கும் மணை அல்ல. கால் அங்கேயே கிடந்தால் பல பெட்டிகள் அடுத்த மாற்றத்தை உணரவே உணராது, ஏனெனில் அழுத்தம் விலகினால்தான் சென்சார் மறுபடி தயாராகும்.

மாற்றும்போது ஆக்சிலரேட்டரைக் குறைக்க வேண்டுமா? (ஒயிட்ஃபீல்ட்)

கூடாது. குறைத்தால் பற்கள் எதிர்ப்பக்கமாக இறுகிவிடும். அதைத் தீப்பொறியை நிறுத்தித் தளர்த்த முடியாது.

இதே கருவியில் கியர் இறக்கவும் முடியுமா? (கோரமங்கலா)

இக்னிஷனை மட்டும் நிறுத்தும் கருவியால் முடியாது. இறக்கும்போது எஞ்சின் வேகம் கூட வேண்டும். அதற்கு ஆக்சிலரேட்டர் மின்னணு முறையில் திறக்கும் பைக் தேவை.

சைலன்சரில் "பட்" என்ற சத்தம் வருகிறது, தவறா? (சிவாஜிநகர்)

தீப்பொறி மட்டும் நிற்கும்போது எரியாத பெட்ரோல் சைலன்சரில் போய் எரிகிறது; லேசான சத்தம் இயல்பு. அந்தச் சத்தத்துக்காகவே நேரத்தை ஏற்றுபவர்கள், கேட்டலிடிக் கன்வர்ட்டர் சூடேறிக் கெடும்போது எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.

சில்க் போர்டு நெரிசலில் ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது உதைக்கிறது. (பொம்மனஹள்ளி)

ஒன்றிலிருந்து இரண்டுக்கு நியூட்ரலைத் தாண்ட வேண்டும், கியர் விகித இடைவெளியும் அங்கேதான் பெரிது. அதனால் அந்த மாற்றத்துக்கு மட்டும் 10 மில்லி விநாடி கூடுதலாக வைக்கலாம். ஆனால் நெரிசலில் ஏறத்தாழ 3000 ஆர்பிஎம்முக்குக் கீழே எந்த எண்ணும் உதவாது. குயிக்‌ஷிஃப்டர் வேலை செய்யத் தொடங்கும் குறைந்தபட்ச ஆர்பிஎம்மை அந்த அளவுக்கு மேல் வைத்துவிட்டு, அங்கே கிளட்சைப் பிடியுங்கள். லாக் நட்டையும் ஒருமுறை பாருங்கள்.