மெயிலை எச்.ஆர். தலைவரால் அப்படியே ஃபார்வர்டு செய்ய முடிகிறதா?

கேள்வி: கோவையில் சின்னதாக ஒரு பயிற்சி நிறுவனம் நடத்துகிறேன். எக்ஸெல், சூப்பர்வைசர் பயிற்சி, பேச்சுத்திறன் என்று மொத்தம் 14 தலைப்புகள். சுற்றுவட்டாரத்தில் 380 தொழிற்சாலைகளின் எச்.ஆர். தலைவர்களுக்கு பிராஷரை இணைத்து மெயில் அனுப்பினேன். இரண்டே பதில்கள்தான் வந்தன. இரண்டிலும் "தேவைப்பட்டால் சொல்கிறோம்" என்றார்கள். மெயிலில் என்ன தப்பு? – ஒரு வாசகர், கோவை

பதில்: பதினாலு தலைப்புகளில்தான் மெயில் படுத்துவிட்டது. எச்.ஆர். தலைவர் பயிற்சிக்கு ஏற்பாடு செய்பவர்தான். ஆட்களை வேலையிலிருந்து விடுவிப்பவர் ஸ்டோர்ஸ் மேனேஜரோ உற்பத்தித் தலைவரோ. பணத்துக்குத் தலையாட்ட வேண்டியது அக்கவுண்ட்ஸ். எச்.ஆரிடம் வரும் மெயிலை அவர் அப்படியே ஸ்டோர்ஸ் மேனேஜருக்குத் தட்டிவிட்டு "உங்களுக்கு இது வேணுமா?" என்று ஒரே வரி எழுத முடிந்தால் காரியம் நகரும். பதினாலு தலைப்பு உள்ள மெயிலை யாருக்கு அனுப்புவது? அவர் முதலில் உங்கள் பட்டியலைப் படித்து, தன் ஆட்களின் குறையை யோசித்து, இரண்டையும் பொருத்திப் பார்க்க வேண்டும். அந்த வேலையை நீங்கள் செய்து கொடுக்க வேண்டும்.

ஆகவே ஒரு மெயிலில் ஒரு துறை, அந்தத் துறையில் ஒரே ஒரு வேலை. உங்கள் எக்ஸெல் பயிற்சியையே எடுத்துக்கொள்வோம். "அட்வான்ஸ்டு எக்ஸெல்" என்றால் ஸ்டோர்ஸ் மேனேஜருக்கு எதுவும் தோன்றாது. மாதக் கடைசியில் ஸ்டாக் ஒப்பிடும்போது அவருடைய ஆட்கள் படும் பாட்டைச் சொன்னால் நிமிர்ந்து உட்காருவார். மெயிலை ஆங்கிலத்தில் அனுப்பினாலும் சாரம் இப்படி இருக்கட்டும்:

> பொருள்: மாதக் கடைசி ஸ்டாக் ஒப்பீடு – ஸ்டோர்ஸ் ஊழியர்களுக்கு எக்ஸெல் பயிற்சி, 2 அரை நாள்
>
> வணக்கம். ஈ.ஆர்.பி.யிலிருந்து எடுத்த இருப்புப் பட்டியலையும் கையால் எண்ணி எழுதிய பட்டியலையும் எக்ஸெலில் ஒப்பிடும் ஸ்டோர்ஸ் ஊழியர்களுக்கான பயிற்சி இது. ஐட்டம் கோடு பொருந்தாமல் வரும் #N/A பிழையைத் தாங்களே சரிசெய்யவும், வித்தியாசம் உள்ள ஐட்டங்களை மட்டும் பிரித்தெடுக்கவும் பழகுவார்கள். ஒரு பேட்சில் 12 பேர், ஆளுக்கொரு கணினி. உங்கள் வளாகத்திலேயே, 2 நாள், பிற்பகல் 2 முதல் 5.30 வரை. கட்டணம் பேட்சுக்கு ரூ.24,000, 18% ஜி.எஸ்.டி. சேர்த்து ரூ.28,320. வருகைப் பதிவேடு, முன் – பின் தேர்வு மதிப்பெண்கள் தருகிறோம். ஸ்டோர்ஸ் மேனேஜருடன் 15 நிமிடம் போனில் பேச ஏற்பாடு செய்ய முடியுமா?

இவ்வளவுதான். பிராஷர் வேண்டாம், கேட்டால் அனுப்பலாம்.

இதில் #N/A பற்றிய வரிதான் உயிர். உள்வேலை தெரிந்தவர் எழுதியது என்று காட்டுவது அதுதான். ஈ.ஆர்.பி.யிலிருந்து இறக்கிய பட்டியலில் ஐட்டம் கோடு பல நேரம் எழுத்தாக வந்து உட்காரும். கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நிற்கும், மூலையில் சின்னப் பச்சை முக்கோணம் தெரியும். கையால் அடித்த பட்டியலில் அதே கோடு எண்ணாக, வலப்பக்கம் ஒட்டி நிற்கும். கண்ணுக்கு இரண்டும் 4512தான். VLOOKUP-க்கு இரண்டும் வேறு வேறு. இதைத் தெரியாத ஊழியர் ஒவ்வொரு வரியாகத் தேடி உட்கார்ந்திருப்பார். ஸ்டோர்ஸ் மேனேஜர் போனில் "என்ன சொல்லித் தருவீங்க?" என்று கேட்டால் இந்த ஒரு வரியை விளக்குங்கள்:

```
=VLOOKUP(VALUE(TRIM(A2)),Stock!A:C,3,FALSE)
```

TRIM முன்னும் பின்னும் ஒட்டிய வெற்றிடத்தை நீக்கும். VALUE எழுத்தை எண்ணாக்கும். Stock தாளில் கோடு எண்ணாக இருந்தால்தான் இது ஓடும். கோடிலேயே எழுத்து கலந்திருந்தால், உதாரணமாக BR4512 என்றிருந்தால், VALUE பிழை காட்டும். அங்கே TRIM மட்டும் போதும். அவர்களுடைய உண்மையான ஸ்டாக் ஃபைலைக் கேட்காதீர்கள், விலையும் சப்ளையர் பெயரும் அதில் இருக்கும், தரத் தயங்குவார்கள். பத்தித் தலைப்புகளை மட்டும் வாங்கி, அதே அமைப்பில் 200 வரி போலித் தரவை நீங்களே தயார் செய்யுங்கள். அதே பிழைகளையும் வேண்டுமென்றே அதில் புகுத்துங்கள்.

பிற்பகல் 2 மணி என்று போட்டதற்கும் காரணம் உண்டு. ஸ்டோர்ஸில் காலையில்தான் மெட்டீரியல் இஷ்யூ மும்முரம். முழுநாள் கேட்டால் "ஆள் விட முடியாது" என்று அங்கேயே முடிந்துவிடும். எல்லோரையும் ஒரே பேட்சில் இழுக்கவும் முடியாது. ஆளுக்கொரு கணினி என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். இரண்டு பேருக்கு ஒன்று என்றால் ஒருவர் கீபோர்டைப் பிடித்துக்கொள்வார், மற்றவர் வேடிக்கை பார்ப்பார்.

தேர்வு மதிப்பெண் எதற்கு என்றால், ஐ.எஸ்.ஓ. 9001:2015 தரச்சான்று வைத்திருக்கும் தொழிற்சாலையில் 7.2 பிரிவின்படி பயிற்சி பலன் தந்ததா என்று மதிப்பிட்டு, ஊழியரின் திறனுக்கான பதிவையும் வைத்திருக்க வேண்டும். கையெழுத்துத் தாளைக் காட்டினால் ஆட்கள் வந்தார்கள் என்பதுதான் தெரியும், கற்றார்கள் என்பது தெரியாது. ஒரே மாதிரியான 10 கேள்விச் செய்முறைத் தேர்வைப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் வையுங்கள். 30 நாள் கழித்து ஸ்டோர்ஸ் மேனேஜர் நிரப்பிக் கையெழுத்திட ஒரு பக்கப் படிவமும் கொடுங்கள். ஆடிட்டுக்கு முன் எச்.ஆர். தேடி அலையும் காகிதம் இதுதான்.

கட்டணத்தை மறைத்து "தொடர்புகொள்ளவும்" என்று போடாதீர்கள். தொகை தெரியாத மெயிலை ஃபார்வர்டு செய்தால் அடுத்து வரும் கேள்வி "எவ்வளவு?" என்பதுதான், அதற்காக உங்களைக் கூப்பிட யாரும் மெனக்கெட மாட்டார்கள். நீங்கள் ஜி.எஸ்.டி. பதிவு செய்யாதவர் என்றால் வரியை வசூலிக்கக் கூடாது. "பதிவு இல்லை, வரி இல்லை" என்று எழுதிவிடுங்கள். உத்யம் பதிவு இருந்தால் அந்த எண்ணைப் பில்லில் போடுங்கள். சிறு நிறுவனங்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் வர வேண்டும்.

அனுப்பும் தேதியும் முக்கியம். 7ஆம் தேதி வரை சம்பள வேலை, 15ஆம் தேதி பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டக் கடைசி நாள். அதற்குள் வரும் மெயில் அடியில் போய்விடும். 16 முதல் 25 வரைதான் எச்.ஆர். தலைவர் மூச்சு விடும் காலம். பல தொழிற்சாலைகள் ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டுக்கான பயிற்சி அட்டவணையைப் பிப்ரவரி, மார்ச்சில் போடுவதால் அந்த இரு மாதங்களில் அனுப்புவது கூடுதல் லாபம்.

380 பேரையும் ஒரே மெயிலில் பி.சி.சி.யில் போட்டிருந்தால் பாதிப் பேருக்கு அது ஸ்பேமில் கிடக்கக்கூடும். ஒரு நாளைக்கு 15, 20 என்று தனித்தனியாக, பெயர் போட்டு அனுப்புங்கள். சொந்த டொமைனிலிருந்து அனுப்புகிறீர்கள் என்றால் முதலில் உங்கள் ஜிமெயிலுக்கு ஒன்று அனுப்பி, அதைத் திறந்து மூன்று புள்ளி மெனுவில் Show original பாருங்கள். மெயில் உண்மையிலேயே உங்கள் டொமைனிலிருந்து வந்ததா என்று பார்க்கும் சோதனைகளான SPF, DKIM, DMARC மூன்றுக்கும் நேரே PASS என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் டொமைன் விற்றவரிடம் சொல்லிச் சரிசெய்த பிறகே அடுத்த மெயிலை அனுப்புங்கள்.

அனுப்பி மூன்று வேலைநாள் கழித்து ஒரு போன். "மெயில் பார்த்தீங்களா?" என்று கேட்டால் "பார்க்கிறேன்" என்பார், பேச்சு முடிந்துவிடும். "உங்க ஸ்டோர்ஸில் மாதக் கடைசி ஸ்டாக் ஒப்பீட்டை யார் பார்க்கிறாங்க சார்?" என்று கேளுங்கள். பெயர் சொன்னால் அடுத்த போன் அவருக்கு. "எல்லாம் ஈ.ஆர்.பி.யிலேயே முடிஞ்சிடும், எக்ஸெலே கிடையாது" என்றால் அந்த நிறுவனத்துக்கு இந்தப் பயிற்சி தேவையில்லை, பட்டியலிலிருந்து அடித்துவிட்டு, சூப்பர்வைசர் பயிற்சிக்கான மெயிலை அடுத்த மாதம் 16ஆம் தேதிக்குப் பிறகு அனுப்புங்கள்.