குறுந்தொகை 37: அந்த யானை யாருக்கும் உவமை இல்லை

“காரைக்குடியில் முதுகலைத் தமிழ் படிக்கிறேன். குறுந்தொகை 37இல் வரும் யானையை உள்ளுறை என்று எழுதினேன். அது இறைச்சி என்று ஆசிரியர் திருத்திவிட்டார். இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது?”

முதலில் காட்சியில் வரும் ஒவ்வொன்றையும் பாட்டின் மாந்தரோடு பொருத்திப் பாருங்கள். குறுந்தொகை 8இல் வயலோர மாமரத்திலிருந்து தானாக உதிரும் பழத்தைக் குளத்து வாளை கவ்வுகிறது. பழம் தலைவன், வாளை பரத்தை. மீன் மரமேறவில்லை, பழம்தான் வந்து விழுந்தது. ‘அவனாகத்தான் என்னிடம் வந்தான்’ என்று பரத்தை சொல்லாமல் சொல்லிவிடுகிறாள். ஒன்றுக்கு ஒன்று சரியாக உட்கார்ந்துவிட்டதால் இது உள்ளுறை.

இப்போது உங்கள் பாட்டு:

நசைபெரிது உடையர்; நல்கலும் நல்குவர்;
பிடிபசி களைஇய பெருங்கை வேழம்
மென்சினை யாஅம் பொளிக்கும்
அன்பின தோழிஅவர் சென்ற ஆறே.

பாலை பாடிய பெருங்கடுங்கோ பாடியது. பொருள் தேடிப் போனவனை நினைத்து வாடும் தலைவிக்குத் தோழி சொல்கிறாள். பர்மா, மலாயா என்று ஆண்கள் தொழிலுக்குப் போய்விட, ஆச்சிமார் வருடக்கணக்கில் காத்திருந்த செட்டிநாட்டு வீடுகளுக்கு இந்தச் சூழலை விளக்க வேண்டியதில்லை.

களிறு தலைவன், பிடி தலைவி என்று வைத்தால் களிறு பட்டை உரிக்கும் யாமரத்துக்கு யாரை வைப்பது? பட்டையைச் செல்வம் என்று இழுத்துப் பிடித்தாலும் அடிப்படையே இடிக்கிறது. களிறு பிடியின் பக்கத்தில் நிற்கிறது. தலைவனோ பிரிந்து போயிருக்கிறான். இந்த யானை அவனுக்கு உவமை இல்லை. அவன் வழியில் கண்ணால் காணப்போகும் காட்சி. வறண்ட காட்டில் பிடியின் பசி தீர்க்கக் களிறு பட்டையை உரிப்பதைப் பார்த்தால் அவனுக்கு வீட்டு நினைப்பு வரும், திரும்பி வருவான். இந்தப் பொருள் பாட்டில் எந்தச் சொல்லிலும் இல்லை, காட்சியிலிருந்து பிறக்கிறது. அதனால் இது இறைச்சி. ‘அன்பின’ என்ற சொல்லையும் தோழி அவனுக்குச் சூட்டவில்லை, அவன் போன வழிக்குத்தான் சூட்டுகிறாள். எனக்கு இந்தப் பாட்டில் மிகவும் பிடித்த இடம் அதுதான்.

தொல்காப்பியப் பொருளியல் இதற்கு நேராகவே விதி சொல்கிறது: “அன்புறு தகுந இறைச்சியுள் சுட்டலும் வன்புறை ஆகும் வருந்திய பொழுதே.” அன்பு தோன்றத்தக்க கருப்பொருளைச் சுட்டுவது, வருந்துகிறவளை ஆற்றும் வற்புறுத்தலாகும்.

அதற்காக நினைத்ததையெல்லாம் இறைச்சி என்று எழுதிவிட முடியாது. யார், யாரிடம், எந்த நிலையில் பேசுகிறார் என்பதுதான் எல்லை. இதே யானையைத் தலைவியே சொல்லியிருந்தால், ‘விலங்குக்குள்ள அன்புகூட அவருக்கு இல்லையே’ என்ற குறையாக மாறியிருக்கும்.

ஆகவே விடையில் யானையோடு நிறுத்தாதீர்கள். சொல்பவள் தோழி, கேட்பவள் தலைவி, நோக்கம் ஆற்றுவித்தல் என்று முதலில் எழுதுங்கள். அப்புறம் ‘இதைக் கண்டு தலைவன் மீள்வான் என்பது இறைச்சி’ என்று முடியுங்கள்.