போக்குவரத்துக் கணக்கில் பின்னம் ஏன் தங்குவதில்லை?

அன்புள்ள ஐயா,

கிடங்குகளிலிருந்து கடைகளுக்குக் குறைந்த செலவில் சரக்கு அனுப்பும் போக்குவரத்துக் கணக்கில் அளிப்பும் தேவையும் முழு எண்களாக இருந்தால் விடையும் முழு எண்ணாகவே வரும் என்று வகுப்பில் ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டார்கள். மற்ற நேரியல் திட்டமிடல் கணக்குகளில் பின்னம் வந்து உயிரை வாங்குகிறது. இதில் மட்டும் ஏன் வருவதில்லை? போதாக்குறைக்கு, போன வாரம் ஒரு கணக்கைக் கணினியில் போட்டேன். கொடுத்தது எல்லாம் முழு எண். வந்த விடையில் தசமங்கள். அப்படியானால் அந்த வரி தவறா?

— ஆர்.

அன்புள்ள ஆர்.,

வரி தவறில்லை, அதில் ஒரு சொல் விட்டுப்போயிருக்கிறது. மிகக் குறைந்த செலவுள்ள திட்டங்கள் பல இருக்கலாம். அவற்றில் முழு எண்களால் ஆன திட்டம் ஒன்றாவது கட்டாயம் இருக்கும் என்பதே சரியான கூற்று. எல்லாத் திட்டங்களும் அப்படி இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. உங்கள் கணினி தந்த தசமங்களும் இந்தக் கூற்றும் சண்டையில்லாமல் சேர்ந்து இருக்கலாம். எப்படி என்று ஒரு சின்னக் கணக்கில் காட்டுகிறேன். கையில் பென்சில் இருந்தால் நல்லது.

அ, ஆ, இ என்று மூன்று கிடங்குகள். அவற்றில் இருப்பது முறையே 7, 5, 6 லோடு. 1, 2, 3 என்று மூன்று கடைகள். அவற்றுக்கு வேண்டியது 6, 8, 4 லோடு. இரண்டு பக்கமும் கூட்டினால் 18. ஒரு லோடு அனுப்பும் செலவு இது:

```
       1    2    3
அ      4    6    7
ஆ      6    5    3
இ      2    8    2
```

இதற்கு ஒருவர் இப்படி ஒரு திட்டம் கொண்டுவருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

```
       1     2     3    அளிப்பு
அ     3.5   3.5    0      7
ஆ      0    4.5   0.5     5
இ     2.5    0    3.5     6
தேவை   6     8     4
```

மொத்தச் செலவு 71. இதைவிடக் குறைக்க முடியாது. ஆனாலும் அரை அரையாக நிற்கிறது.

இப்போது பின்னம் உள்ள கட்டங்களை மட்டும் பாருங்கள். அ நிரையில் 3.5 ஒன்று இருக்கிறது. அது தனியாக இருக்க முடியுமா? முடியாது. அந்த நிரையின் கூட்டுத்தொகை 7, முழு எண். ஒரே ஒரு பின்னத்தோடு எத்தனை முழு எண்களைக் கூட்டினாலும் முழு எண் வராது. ஆகவே ஒரு நிரையில் பின்னம் இருந்தால் அதே நிரையில் அதற்குத் துணையாக இன்னொரு பின்னம் இருந்தே தீரும். நிரலுக்கும் இதுவே. அளிப்பும் தேவையும் முழு எண்கள் என்ற நிபந்தனை மொத்தத் தர்க்கத்திலும் வேலை செய்வது இந்த ஓர் இடத்தில்தான்.

இந்தத் துணையைப் பிடித்துக்கொண்டு நடக்கலாம். அ1-இல் தொடங்கி நிரை வழியே போனால் அ2. அங்கிருந்து நிரல் வழியே இறங்கினால் ஆ2. மறுபடி நிரை வழியே ஆ3, நிரல் வழியே இ3, நிரை வழியே இ1, நிரல் வழியே ஏறினால் அ1. வந்த இடத்துக்கே வந்துவிட்டோம். அட்டவணை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இது நடந்தே ஆகவேண்டும். ஒவ்வொரு பின்னத்திலிருந்தும் வெளியே போக வழி உண்டு, கட்டங்களோ எண்ணிக்கைக்கு உட்பட்டவை. எங்கும் முட்டி நிற்காமல் நடப்பவர் எப்போதாவது ஒருநாள் ஏற்கெனவே மிதித்த நிரையிலோ நிரலிலோ கால் வைப்பார். அங்கே ஒரு சுற்று மூடிக்கொள்ளும்.

இந்தச் சுற்றில் நிரையும் நிரலும் மாறி மாறி வருகின்றன. அதனால் சுற்றிலுள்ள கட்டங்களின் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படை, இங்கே 6. இரட்டைப்படை என்றால் கூட்டல், கழித்தல் என்று ஒன்றுவிட்டு ஒன்றாகக் குறி போட்டுக்கொண்டே போய் முரண்பாடில்லாமல் தொடங்கிய இடத்துக்குத் திரும்பலாம். அ1-க்குக் கூட்டல், அ2-க்குக் கழித்தல், ஆ2-க்குக் கூட்டல், ஆ3-க்குக் கழித்தல், இ3-க்குக் கூட்டல், இ1-க்குக் கழித்தல். சுற்று தொடும் ஒவ்வொரு நிரையிலும் ஒரு கூட்டல், ஒரு கழித்தல். நிரலிலும் அப்படியே. ஆறு கட்டங்களிலும் ஒரே அளவை ஏற்றி இறக்கினால் கிடங்குக்கும் தெரியாது, கடைக்கும் தெரியாது. மொத்தங்கள் அப்படியே இருக்கும்.

செலவுக்கு மட்டும் தெரியுமே? ஒரு லோடு அளவு நகர்த்தினால் செலவு மாறுவது 4 − 6 + 5 − 3 + 2 − 2. இது பூஜ்யம். நான் எண்களை அப்படிப் பொறுக்கி வைத்ததால் வந்த தற்செயல் இல்லை இது. பூஜ்யத்துக்குக் கீழே இருந்திருந்தால், இதே திசையில் கொஞ்சம் நகர்த்தி 71-ஐக் குறைத்திருக்கலாம். மேலே இருந்திருந்தால், எதிர்த்திசையில் நகர்த்திக் குறைத்திருக்கலாம். சுற்றில் உள்ளவை எல்லாம் பின்னங்கள், ஆகவே எதுவும் பூஜ்யத்தில் இல்லை. இரண்டு திசையிலும் நகர இடம் இருக்கிறது. திட்டம் ஏற்கெனவே சிறந்தது என்றால் இரண்டு பக்கமும் லாபம் இருக்கக் கூடாது. பின்னங்களால் ஆன சுற்று ஒன்று சிறந்த திட்டத்துக்குள் இருக்கிறது என்றாலே, அந்தச் சுற்றில் செலவு மாற்றம் பூஜ்யமாகத்தான் இருக்கும்.

அப்படியானால் செலவைப் பற்றிக் கவலையில்லாமல் நகர்த்தலாம். ஏதாவது ஒரு கட்டம் முழு எண்ணைத் தொடும்வரை நகர்த்துவோம். இங்கே அரை லோடு நகர்த்தினால் போதும்:

```
       1    2    3
அ      4    3    0
ஆ      0    5    0
இ      2    0    4
```

செலவு 16 + 18 + 25 + 8 + 4, அதே 71. எதிர்த்திசையில் அரை லோடு நகர்த்தினால் அ நிரை 3, 4, 0 ஆகும். ஆ நிரை 0, 4, 1. இ நிரை 3, 0, 3. அதற்கும் 71 தான். அரைகளோடு வந்த திட்டம் இந்த இரண்டு முழுத் திட்டங்களுக்கும் நட்டநடுவில் நின்றுகொண்டிருந்தது, அவ்வளவே.

பெரிய அட்டவணையில் ஒரே நகர்த்தலில் எல்லாப் பின்னமும் போய்விடாது. ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு பின்னமாவது முழு எண்ணாகும். ஏற்கெனவே முழு எண்ணாக உள்ள கட்டங்களை நாம் தொடுவதே இல்லை, ஆகவே புதிய பின்னம் பிறக்காது. எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வந்து ஒருநாள் தீர்ந்துபோகும். நிரூபணம் இவ்வளவுதான். செலவுகள் முழு எண்ணாக இருக்கவேண்டும் என்று எங்கும் கேட்கவில்லை, கவனித்தீர்களா? அவை எந்த எண்ணாகவும் இருக்கலாம். ஒரு வழியில் அதிகபட்சம் இத்தனை லோடுதான் என்று முழு எண்ணில் வரம்பு வைத்தாலும் தர்க்கம் கலையாது. பின்னத்தில் நிற்கும் கட்டம் அந்த வரம்பைத் தொட்டிருக்க முடியாதல்லவா?

இனி உங்கள் கணினி விஷயம். சிம்ப்ளெக்ஸ் முறை, ஏற்புடைய தீர்வுகளின் பரப்பில் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குத் தாவும். போக்குவரத்துக் கணக்கில் பின்னமுள்ள திட்டம் எதுவும் மூலையாக இருக்க முடியாது. இப்போது பார்த்ததுபோல இரண்டு பக்கமும் நகரக்கூடிய சுற்று அதற்குள் இருக்கும். ஆகவே சிம்ப்ளெக்ஸ் நிற்கும் இடம் முழு எண்ணாகவே இருக்கும். கையால் போடும்போது வடமேற்கு மூலை விதியில் தொடங்கி முடிவுவரை கூட்டலும் கழித்தலும் மட்டுமே செய்கிறோம், எங்கும் எதையும் வகுப்பதில்லை என்பதை நினைத்துப் பாருங்கள். உட்புள்ளி முறை வேறு ரகம். அது பரப்பின் உள்ளே நடந்து வருவது. ஒரே செலவுள்ள திட்டங்கள் பல இருந்தால் அவற்றின் நடுவே எங்காவது நின்றுவிடும். தசமங்கள் அப்படி வந்திருக்கலாம்.

வேறு காரணமும் இருக்கலாம், அதுதான் ஆபத்தானது. ஒவ்வொரு கட்டமும் ஒரே ஒரு நிரை மொத்தத்திலும் ஒரே ஒரு நிரல் மொத்தத்திலும் மட்டும் வரவேண்டும். மூன்றாவதாக ஒரு நிபந்தனை அதே கட்டத்தைப் பிடித்தால் கதை மாறிவிடும். மேலே உள்ள கணக்கிலேயே அ1-இன் செலவை 4-லிருந்து 3 ஆக்குங்கள். அ1, ஆ2, இ3 மூன்றுக்கும் ஒரே வண்டிகள் போகின்றன, மூன்றும் சேர்ந்து 12 லோடைத் தாண்டக் கூடாது என்று ஒரு நிபந்தனை சேருங்கள். 12 முழு எண்தான். இப்போது சுற்றில் கூட்டல் திசையில் நகர்ந்தால் லோடுக்கு 1 மிச்சம். ஆனால் ஒரு லோடு நகர்த்தினால் அந்த மூன்று கட்டங்களின் மொத்தம் 3 கூடும். அரைகளோடு வந்த திட்டத்தில் அந்த மொத்தம் 11.5, அங்கிருந்து 12 வரை போக ஆறில் ஒரு பங்கு லோடுதான் நகரலாம். சிறந்த திட்டத்தில் அ1 = 3⅔, ஆ3 = ⅓, செலவு 67⅓. இதற்கு மாற்று இல்லை, இந்த ஒரே திட்டம்தான் சிறந்தது. முழு எண்களுக்குள் தேடினால் அ நிரை 3, 4, 0 என்று தொடங்கும் திட்டத்தில் 68 வரைதான் இறங்க முடியும். முன்பு பார்த்த 4, 3, 0 திட்டம் 67 தான், ஆனால் அதில் அந்த மூன்று கட்டங்களும் சேர்ந்து 13 ஆகி வரம்பை மீறிவிடுகிறது. 3⅔-ஐப் பக்கத்து முழு எண்ணுக்குத் தள்ளுகிறவர் போய்ச் சேரும் இடம் இதுதான்.

சுற்று இரட்டைப்படையாக இருப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னொன்று. மூன்று பேரை இருவர் இருவராக ஜோடி சேர்க்கவேண்டும், ஒவ்வொருவரும் மொத்தமாக ஒரு ஜோடிக்கு மேல் சேரக் கூடாது. மூன்று ஜோடிகளுக்கும் ½ கொடுத்தால் யாருக்கும் 1-ஐத் தாண்டவில்லை, மொத்தம் 1½. முழு எண்ணில் ஒரு ஜோடிக்கு மேல் முடியாது. இங்கே சுற்றின் நீளம் 3. கூட்டல், கழித்தல், அடுத்து கூட்டல் என்று குறி போட்டுத் தொடங்கிய இடத்துக்கு வந்தால் கூட்டலும் கூட்டலும் முட்டிக்கொள்ளும். கிடங்கு ஒரு பக்கம், கடை ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்பதால்தான் நம் கணக்கில் அந்த முட்டல் வருவதில்லை. நிபந்தனைகளின் எண்களை நிரை நிரலாக அடுக்கிய அணிகளில் எவற்றுக்கு இந்த நல்ல குணம் உண்டு என்று கணிதவியலாளர்கள் ஹாஃப்மேனும் க்ருஸ்கலும் 1956-இல் பொதுவாகவே வரையறுத்தார்கள். ஆனால் போக்குவரத்துக் கணக்குக்கு அந்தப் பெரிய கருவி வேண்டாம், பென்சிலால் போட்ட சுற்று போதும்.

உங்கள் விடைத்தாளை எடுத்து, தசமமுள்ள கட்டங்களை மட்டும் வட்டமிட்டு, ஒரு சுற்று வரைந்து பாருங்கள். குறிகளை மாற்றி மாற்றிப் போட்டுச் செலவைக் கூட்டுங்கள். பூஜ்யம் வந்தால் நகர்த்திவிடலாம், அல்லது சிம்ப்ளெக்ஸைத் தேர்ந்தெடுத்து மறுபடி ஓட்டலாம். பூஜ்யம் வராவிட்டாலோ, நகர்த்தும்போது ஏதாவது விதி உடைந்தாலோ, நிரைகளுக்கும் நிரல்களுக்கும் அப்பால் வேறு ஒரு நிபந்தனையை உள்ளே போட்டிருக்கிறீர்கள். எது என்று எழுதுங்கள்.