‘படிந்தேன்’ ஏன் தவறு?

அன்புள்ள ஐயா,

வீட்டில் தமிழ் பேசாமல் வளர்ந்தவன் நான். இப்போதுதான் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன். விகுதிகளைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்துவிட்டேன். அப்படியும் நானே ஒரு வினைச்சொல்லை உண்டாக்கினால் தப்பாகிவிடுகிறது. ‘நட’ என்பது ‘நடந்தேன்’ ஆகும்போது ‘படி’ ஏன் ‘படிந்தேன்’ ஆகக்கூடாது? ‘நின்றேன்’, ‘கேட்டேன்’ போன்றவற்றில் பகுதியே கண்ணில் படுவதில்லை. நீளமான சொல் வந்தால் எங்கே வெட்டுவது என்றும் தெரியவில்லை. விதி ஏதாவது இருக்கிறதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பட்டியலில் குறை இருக்காது. தமிழில் விகுதிதான் இருப்பதிலேயே சுலபமானது. நான் என்றால் ஏன், அவன் என்றால் ஆன், அவள் என்றால் ஆள். எந்த வினையானாலும் இது மாறாது. தொல்லை எல்லாம் பகுதிக்கும் விகுதிக்கும் நடுவே காலம் காட்ட வருகிற இடைநிலையில்தான். இறந்தகாலத்துக்கு த், ட், ற், இன் என்று சொல்லிவிட்டு இலக்கணப் புத்தகம் நகர்ந்துவிடும். எந்த வினைக்கு எது என்பது பகுதியைப் பார்த்த மாத்திரத்தில் தெரியாது. உங்களுக்குத் தப்பாவது அங்கேதான்.

‘நடந்தேன்’ என்பதைப் பள்ளிக்கூட முறையில் பிரித்தால் நட + த்(ந்) + த் + ஏன். முதல் த் சந்தி, அது ந் ஆனது விகாரம், அடுத்த த் இடைநிலை, ஏன் விகுதி. தேர்வு எழுதுகிறவர்களுக்கு இது வேண்டும். மொழியைப் பழகுகிறவருக்கு ‘ந்த்’ என்பதை ஒரே துண்டாக வைத்துக்கொள்வது போதும் என்பது என் கட்சி. நட + ந்த் + ஏன். அதே கணக்கில் படி + த்த் + ஏன்.

சரி, நட என்பதற்கு ந்த், படி என்பதற்கு த்த் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நிகழ்காலத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. நடக்கிறேன், படிக்கிறேன் இரண்டும் ஒரே அச்சு. இறந்தகாலத்தை வைத்து நிகழ்காலத்தைச் சொல்லலாமா என்றால் அதுவும் எப்போதும் நடக்காது. விழுந்தேன், நடந்தேன் இரண்டிலும் ந்த் இருக்கிறது. ஆனால் ஒன்று விழுகிறேன், மற்றது நடக்கிறேன். விழுவேன், நடப்பேன் என்று எதிர்காலத்திலும் அந்தப் பிளவு தொடர்கிறது. கிறு என ஒற்றையாக வருவதை மெல்வினை என்றும், க்கிறு என இரட்டித்து வருவதை வல்வினை என்றும் சொல்வார்கள்.

ஆகவே புதிய வினை ஒவ்வொன்றையும் இரண்டு வடிவமாக எழுதி வையுங்கள்: நடந்தேன்–நடக்கிறேன், படித்தேன்–படிக்கிறேன், விழுந்தேன்–விழுகிறேன். இந்த இரண்டும் கையில் இருந்தால் மிச்ச வடிவங்கள் அநேகமாகத் தானாக வரும். வெறும் ‘படி’யை மட்டும் எழுதி வைத்தால் பாதிச் சொல்லைத்தான் எழுதி வைத்திருக்கிறீர்கள்.

இதில் ஒரு வேடிக்கை. ‘படிந்த’ என்பது தமிழில் இல்லாத வடிவம் இல்லை. தூசி படிந்தது, வண்டல் படிந்தது என்கிறோமே, அது படிகிறது, படியும் என்று போகிற வேறொரு வினை, மெல்வினை. நீங்கள் ‘பாடத்தைப் படிந்தேன்’ என்று எழுதும்போது பாடத்தின்மேல் தூசியாகப் போய் உட்கார்ந்துகொள்கிறீர்கள்.

இப்படி ஒரே பகுதி இரண்டு வழியில் போகும் இடங்களில், பெரும்பாலும் ந்த் வருவது தானாக நடப்பது, த்த் வருவது ஒருவர் செய்வது. கண்ணாடி உடைந்தது, அவன் கண்ணாடியை உடைத்தான். பிரிந்தது–பிரித்தான், கலைந்தது–கலைத்தான், மறைந்தது–மறைத்தான், சேர்ந்தது–சேர்த்தான். இரட்டித்தாலே செயப்படுபொருள் கேட்கும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ‘சிரித்தான்’ எதையும் கேட்பதில்லை. சிரி என்பதற்கு ‘சிரிந்தான்’ என்ற ஜோடி கிடையாது. ஜோடி இருந்தால்தான் இந்த வித்தியாசம் பொருள் தரும்.

அடுத்து, உங்களுக்குப் பகுதி தெரியாமல் போகிற நின்றேன், கேட்டேன். இவற்றை விதிவிலக்கு என்று தனியாக மனப்பாடம் செய்கிறவர்கள் உண்டு. தேவையில்லை. நில் என்பது நட மாதிரியான வினை: நில் + ந்த். தமிழில் ல், ந், த் மூன்றும் அப்படியே அடுத்தடுத்து நிற்காது, சேர்ந்து ன்ற் ஆகிவிடும். அதனால் நின்றேன். கல் என்பது படி மாதிரி: கல் + த்த், ற்ற் ஆகிறது, கற்றேன். ள் வந்தால் இதே மாற்றம் டகர வரிசையில் நடக்கும். கேள் + த்த், கேட்டேன். கொள் + ந்த், கொண்டேன். வல்வினையா என்று நிகழ்காலத்தில் சோதித்துப் பாருங்கள். நிற்கிறேன், கற்கிறேன், கேட்கிறேன் மூன்றிலும் பகுதியின் கடைசி ல், ள் வல்லெழுத்தாகிவிட்டது. கொள்கிறேன், செல்கிறேன் இரண்டிலும் ள், ல் அப்படியே இருக்கின்றன, அவை மெல்வினை. ஆக ‘நின்றேன்’ ஒழுங்காக நடந்துகொள்கிற சொல்தான், ஒலி மாறியதால் முகம் மாறியிருக்கிறது. உண்மையிலேயே தனியாகப் பழக வேண்டியவை கொஞ்சம்தான். வா, தா இரண்டும் குறுகி வந்தேன், தந்தேன் ஆகும். காண் குறுகிக் கண்டேன் ஆகும். சா என்பது செத்தான்.

இனி நீளச் சொல். ‘உடைக்கப்பட்டவற்றிலிருந்து’ என்பதை எடுத்துக்கொள்வோம். இடப்பக்கம் தொடங்கினால் உடை என்றதும் துணிமணி நினைவுக்கு வந்து வழி தப்பும். வலப்பக்கத்திலிருந்து கழற்றுங்கள். ‘இருந்து’ போனால் ‘உடைக்கப்பட்டவற்றில்’. ‘இல்’ வேற்றுமை உருபு, அதையும் கழற்றினால் ‘உடைக்கப்பட்டவற்று’. அகராதியில் இப்படி ஒரு சொல் கிடைக்காது. இங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள். ‘அவை’ என்பது உருபு ஏற்கும்போது ஐ போய், அற்று என்ற சாரியை வந்து ஒட்டும்: அவை, அவற்றில், அவற்றை. ஆகவே உள்ளே இருப்பது ‘உடைக்கப்பட்டவை’. அப்புறம் எளிது. உடைக்கப்பட்ட + அவை. ‘பட்ட’ என்பது படு என்ற துணைவினையின் பெயரெச்சம். எஞ்சுவது ‘உடைக்க’, நடுவில் நின்ற ப் வெறும் சந்தி. இங்கே ‘உடைய’ என்று இல்லாமல் ‘உடைக்க’ என்று க்க வந்திருப்பதால் இது வல்வினை, ஒருவர் உடைத்தது. துணிமணி என்ற சந்தேகமும் அதோடு தீர்ந்தது.

ஒவ்வொரு துண்டைக் கழற்றியதும் மிஞ்சுவது தனியாக நிற்கக்கூடிய சொல்லா என்று பாருங்கள். நிற்கவில்லை என்றால் அங்கே சாரியையோ சந்தியோ மறைந்திருக்கிறது, அல்லது தப்பான இடத்தில் வெட்டியிருக்கிறீர்கள்.

அகராதி பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதி (1924 முதல் 1936 வரை தொகுதி தொகுதியாக வெளிவந்தது) வினைகளை ‘படி-தல்’, ‘படி-த்தல்’ என்று தனித்தனியாகவே தரும். தல் என்றால் மெல்வினை, த்தல் என்றால் வல்வினை. பக்கத்தில் ஓர் எண்ணும் இருக்கும். படி-தல், உடை-தல் இரண்டுக்கும் 4, படி-த்தல், உடை-த்தல் இரண்டுக்கும் 11, நட-த்தல் என்பதற்கு 12. பலரும் அதைப் பொருள் வரிசை எண் என்று நினைத்துத் தாண்டிப்போகிறார்கள். அது அந்த வினை எந்த வகுப்பு என்று சொல்கிற எண். நட, படி இரண்டுமே த்தல் என்று முடிந்தாலும் ஒன்று ந்த் வாங்கும், மற்றது த்த் வாங்கும் என்பதை 12, 11 என்ற அந்த எண்கள்தான் காட்டுகின்றன.

அன்புடன்.