ஐந்து நிமிட மைக்ரோ டீச்சிங்: திட்டமும் சுயவிமர்சனமும் – கேள்வி பதில்

முதலாமாண்டு மாணவி: மேடம், அடுத்த வாரம் என் முதல் மைக்ரோ டீச்சிங். நாலாம் வகுப்புப் பின்னம் எடுத்திருக்கேன். அறிமுகம், விளக்கம், கரும்பலகை, கேள்வி, மதிப்பீடு எல்லாத்தையும் அஞ்சு நிமிஷத்துல எப்படி முடிக்கிறது?

எல்லாவற்றையும் முடிக்க வேண்டாம். மைக்ரோ டீச்சிங் என்பதே ஒரு கற்பித்தல் திறனைச் சின்ன வகுப்பில் பழகிப் பார்ப்பதுதான். ஒரே ஒரு திறனை மட்டும் எடுங்கள். பின்னத்துக்குத் துருவிக் கேட்கும் திறன் நன்றாகப் பொருந்தும், அதாவது மாணவர் சொன்ன விடையைப் பிடித்துக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்பது. பாடமும் ஒரே கேள்வியாக இருக்கட்டும்: 1/3, 1/4 இரண்டில் எது பெரிது?

24 செ.மீ. நீளத்தில் இரண்டு காகித நாடாக்கள் வெட்டிக்கொள்ளுங்கள். ஒன்றில் மூன்று சமபாகத்துக்கும் மற்றதில் நான்கு சமபாகத்துக்கும் மடிப்புக் கோடுகளை வீட்டிலேயே போட்டுவிடுங்கள். மூன்றாக மடிப்பது வகுப்பில் சட்டென்று வராது, உங்கள் ஒரு நிமிடத்தைத் தின்றுவிடும். முதல் அரை நிமிடத்தில் இரண்டும் ஒரே நீளம் என்று ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் காட்டிவிட்டுக் கேள்வியைக் கேளுங்கள். யாரும் வாய் திறப்பதற்கு முன் ஆளுக்கொரு விடையைத் தாளில் எழுதட்டும். இல்லாவிட்டால் முதலில் பேசியவர் விடையே எல்லோர் விடையும் ஆகிவிடும்.

அடுத்த இரண்டரை நிமிடம்தான் உங்கள் திறனுக்கான இடம். நீங்கள் பேசப்போவதைத் திட்டத்தில் எழுதாதீர்கள். மாணவர் என்ன சொல்லக்கூடும், அதற்கு உங்கள் அடுத்த வரி என்ன என்று எழுதுங்கள். "1/4தான் பெரிசு, 4 பெரிய எண்ணாச்சே" என்று வந்தால், "அந்த 4 எதைச் சொல்லுது?" என்று கேளுங்கள். "1/3" என்று சொல்லி நிறுத்திக்கொண்டால், "எப்படிக் கண்டுபிடிச்ச?" "தெரியல" என்றால் கேள்வியைச் சின்னதாக்குங்கள்: "இந்த நாடாவை ரெண்டா மடிச்சா ஒரு துண்டு எவ்வளவு வரும்? நாலா மடிச்சா அதைவிடப் பெரிசா, சின்னதா?" நாடாவை அதற்குப் பிறகு மடித்துக் காட்டுங்கள். 8 செ.மீ. துண்டும் 6 செ.மீ. துண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் கடைசி வரிசைக்கும் தெரியும். மீதி நேரத்தில் நாடா இல்லாமல் 1/5, 1/8 கேட்டு, காரணத்தை ஒரு மாணவர் வாயால் சொல்ல வையுங்கள். தொகுத்துச் சொல்லும் வேலை உங்களுக்கு வேண்டாம்.

பயிற்சிப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருப்பவர்: நான் 45 நிமிஷத்துக்குப் பொது நோக்கம், சிறப்பு நோக்கம் எல்லாம் போட்டு ஆறு பக்கம் எழுதி வெச்சிருக்கேன். அதைச் சுருக்கினா போதுமா?

போதாது. அது முழுப் பாடத்துக்கான திட்டம். சுருக்கினால் அதே பாடத்தை அவசர அவசரமாக நடத்துவீர்கள், அவ்வளவுதான். தனியாக ஒரு அரைப் பக்கம் எழுதுங்கள். ஆறு பக்கத்தைப் பயிற்சிப் பள்ளிக்குப் பத்திரமாக வைத்திருங்கள்.

நிறையப் படித்துவிட்டு வந்தவர்: ஒற்றைச் சொல்லில் பதில் வர்ற கேள்வியே கேட்கக் கூடாது, கேட்டதும் மூணு விநாடி காத்திருக்கணும்னு படிச்சேன். ரெண்டும் சரிதானே?

இரண்டாவது சரி, ஆனால் பாதிதான். 1970களில் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டுப் பார்த்தபோது, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருந்தார்கள். மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது விடைகள் நீண்டன, தாமாக முன்வந்து பேசியவர்களும் கூடினார்கள். அவர் இரண்டு காத்திருப்புகளைப் பார்த்தார்: கேள்விக்குப் பிறகு ஒன்று, மாணவர் விடை சொல்லி நிறுத்திய பிறகு ஒன்று. பலருக்கு இரண்டாவது நினைவில் இருப்பதில்லை. மாணவர் "1/3..." என்று இழுக்கும்போதே "வெரி குட்" சொல்லிவிட்டால், அடுத்து வரவிருந்த காரணம் தொண்டையிலேயே நின்றுவிடும்.

முதலாவது தவறு. "எது பெரிசு?" என்பதற்கும் ஒற்றைச் சொல்தான் விடை. ஒரு நிலைப்பாடு எடுக்க வைக்க அப்படி ஒரு கேள்வி தேவை. அதோடு நின்றுவிடுவதுதான் குறை.

மாணவ ஆசிரியர்: என் வகுப்புத் தோழர்களே மாணவர்களா உக்காந்திருக்காங்க சார். எல்லாருக்கும் விடை தெரியும். என்னத்தைத் துருவுறது?

(சார் இல்லை, மேடம்.) இந்தச் சங்கடம் உண்மையானது. 1960களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலன் குழு மைக்ரோ டீச்சிங்கைத் தொடங்கியபோது எதிரில் உட்கார்ந்தவர்கள் நிஜப் பள்ளி மாணவர்கள். தோழர்களை வைத்துச் செய்வது பிற்பாடு வசதிக்காக வந்த ஏற்பாடு. வேறொருவரை விட்டு இரண்டு பேரிடம் சீட்டு கொடுக்கச் சொல்லுங்கள்: ஒருவர் "4 பெரிய எண்" என்று நம்புபவர், இன்னொருவர் சரியாகச் சொல்லி மௌனமாகிவிடுபவர். யாரிடம் எந்தச் சீட்டு என்பது உங்களுக்குத் தெரியக் கூடாது.

இன்னொருவர்: எங்க பேராசிரியர் அது ஒத்திகை பார்த்த நாடகம் ஆயிடும், வேண்டாம்ங்கிறார்.

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சீட்டில் இருப்பதை மட்டும் பிடித்துக்கொண்டு பிடிவாதம் பிடிக்கும் தோழரை நானும் பார்த்திருக்கிறேன். எந்த நாலாம் வகுப்புப் பிள்ளையும் அவ்வளவு அடம்பிடிக்காது. இருந்தாலும் எல்லோரும் சரியாகச் சொல்லும் வகுப்பைவிட எனக்கு இது மேல். உங்கள் கல்லூரியில் என்ன வழக்கமோ அதன்படி செய்யுங்கள்.

முதல் பயிற்சியை முடித்தவர்: சுயவிமர்சனத்துல இப்படி எழுதினேன்: "குரல் தெளிவாக இருந்தது. மாணவர்கள் ஆர்வமுடன் பங்கேற்றனர். சற்றுப் பதற்றம் இருந்தது. அடுத்த முறை மேம்படுத்திக்கொள்வேன்." திரும்ப எழுதுன்னு குடுத்துட்டாங்க. ஒலிப்பதிவுல நடந்ததையும் கீழே போட்டிருக்கேன்.
"ஆசிரியர்: எது பெரிசு? மாணவர்: 1/4. ஆசிரியர்: இல்லையே, நல்லா யோசி. வேற யாரு? இன்னொரு மாணவர்: 1/3. ஆசிரியர்: சரி! ஏன்னா மூணு துண்டு போட்டா ஒவ்வொண்ணும் பெரிசா இருக்கும்."

நீங்கள் எழுதிய நாலு வரியை யாருடைய வகுப்புக்கும் ஒட்டலாம். அதுதான் குறை. உங்கள் பதிவில் விஷயம் கொட்டிக் கிடக்கிறது. முதல் மாணவர் தப்பாகச் சொன்னதும் அவரை விட்டுவிட்டு அடுத்தவரிடம் தாவினீர்கள். அவர் ஏன் 1/4 என்றார் என்று யாருக்குமே தெரியாமல் போனது. இரண்டாமவர் சரியாகச் சொன்னதும் காரணத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள். துருவிக் கேட்க இரண்டு வாய்ப்பு வந்தது, இரண்டும் நழுவின. இப்படி எழுதிப் பாருங்கள்:

"'1/4' என்ற விடைக்கு 'இல்லையே' என்றேன், காரணம் கேட்கவில்லை. விடை தவறு என்றதும் நேரம் போய்விடுமோ என்று சரியான விடையைத் தேடிப் போனேன். '1/3' என்ற விடைக்கான காரணத்தையும் நானே சொன்னேன். மறுகற்பித்தலில் முதல் விடை எதுவாக இருந்தாலும், சரி என்றோ தவறு என்றோ சொல்லாமல் 'எப்படிக் கண்டுபிடிச்ச?' என்று கேட்பேன்."

நடந்தது, ஏன் நடந்தது, மாறப்போகும் வரி. குரலைப் பற்றி ஒன்றுமே வேண்டாம், நீங்கள் பழகியது அந்தத் திறன் இல்லையே. பதற்றத்தை எழுதியே ஆகவேண்டும் என்றால், அது எந்த வரியில் தெரிந்தது என்று எழுதுங்கள்.

அவரே: பார்வையாளர் கருத்தைக் கேட்டுட்டு எழுதணுமா, முன்னாடியே எழுதணுமா?

முன்னாடி என்பது என் கட்சி. கேட்ட பிறகு எழுதினால் அவர் சொன்னதையே உங்கள் சொற்களில் எழுதுவீர்கள். பிறகு இரண்டும் எங்கே முரண்படுகிறது என்று ஒரு பத்தி சேருங்கள். ஆனால் முதல் முறை செய்பவருக்கு எதைக் கவனிப்பது என்றே பிடிபடாது, கருத்தைக் கேட்டுவிட்டே எழுதட்டும் என்று சொல்லும் பயிற்றுநர்களும் உண்டு.

முதலாமாண்டு மாணவி: மேடம், 1/5, 1/8க்கு வர்றதுக்குள்ள மணி அடிச்சிட்டா?

அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். எந்த விடைக்கு எவ்வளவு நேரம் போனது என்று சுயவிமர்சனத்தில் எழுதுங்கள். துருவிக் கேட்டதில் நேரம் போயிருந்தால் மறுகற்பித்தலில் 1/5, 1/8ஐ எடுத்துவிடுங்கள். நாடாவை விளக்கியதில் போயிருந்தால் விளக்கத்தைக் குறையுங்கள்.